பாஸக் குடுடா என்று கத்துவதற்கு முன்

அஸருக்குப் பிறகு நமது ஊரில் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு சத்தம் கேட்கும். ஒரு பிள்ளையின் காலுக்குப் பந்து வந்து ஒரு செக்கன் கூட ஆகியிருக்காது. கோட்டுக்கு வெளியே நிற்கும் வாப்பாமார், காக்காமார், சில நேரம் பயிற்றுவிப்பவரும் சேர்ந்து, "பாஸக் குடுடா! குடுடா பாஸ!" என்று கத்துவார்கள். பிள்ளை பதறிப் போய்ப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவான். அவனுக்கும் அதே சத்தம். மூன்றாவது பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பான். பந்து மதிலைத் தாண்டி யாரோ வீட்டு வளவுக்குள் விழும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

இந்தச் சத்தம் முழுக்கப் பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. நமது கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவன் மூன்று பேரை வெட்டப் பார்த்தால் நாமும் கத்தத்தான் வேண்டும். ஆனால் எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில், ஒரேயொரு ஆள் முன்னால் நிற்கையில், பின்னால் யாரும் இல்லாதபோதும் அதே சத்தம்தான் வருகிறது. பன்னிரண்டு வயதில் அப்படி அடக்கப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதில் எப்படி வருவான் என்பதை வலயமட்டப் போட்டிகளில் பார்க்கலாம். எதிரணி எட்டுப் பேரைப் பின்னுக்கு நிறுத்திவிட்டால் அதை உடைக்க நம்மிடம் ஆள் இருக்காது. பந்து இடமும் வலமும் போய்க்கொண்டிருக்கும், விசில் ஊதும், வீட்டுக்கு வருவோம்.

பின்னேரங்களில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் நமது கருத்து இதுதான்: ட்ரிப்ளிங்கும் பாஸும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை. நல்ல ட்ரிப்ளிங் செய்யப்படுவதே பெரும்பாலும் நல்ல பாஸ் ஒன்றைக் கொடுப்பதற்காகத்தான். இதைப் பிள்ளைக்குப் புரிய வைக்காமல் "தனியா விளையாடாதே" என்று மட்டும் ஏசினால், அவன் இரண்டையும் கற்றுக்கொள்ள மாட்டான்.

முதலில் கால். ட்ரிப்ளிங் என்றதும் நமது பிள்ளைகள் போனில் பார்த்த வித்தைகளைத்தான் நினைக்கிறார்கள். பந்தைச் சுற்றிக் காலைச் சுழற்றுவது, குதிக்காலால் தூக்குவது. அவை பிறகு வரட்டும். முதலில் வேண்டியது பந்து நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. எதிரே ஆள் இருக்கும்போது பந்து அரை மீற்றருக்கு மேல் நம்மை விட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சின்னத் தொடுகை. அந்தத் தொடுகையைச் சுண்டுவிரல் பக்கமாக, பூட்ஸின் கயிறு முடியும் இடத்துக்குச் சற்று வெளியே செய்யப் பழக்க வேண்டும். காரணம் எளிது. பாதத்தின் உட்பக்கத்தால் தொட வேண்டுமானால் இடுப்பைத் திருப்பி, காலை வெளியே விரிக்க வேண்டும், ஓட்டம் உடைந்துவிடும். வெளிப்பக்கத்தால் தொட்டால் ஓடுகிற கால் ஓடுகிறபடியே பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். உட்பக்கம் தேவைப்படுவது பந்தைத் திருப்ப.

பிள்ளை சரியாகச் செய்கிறானா என்பதைக் காதாலேயே அறியலாம். "டொக்" என்று சத்தம் வந்தால் அவன் பந்தை உதைக்கிறான். மெல்லிய உரசல் போலக் கேட்டால் தொடுகிறான். இன்னொரு சோதனை: அவன் பந்தோடு வரும்போது நாம் முன்னால் நின்று விரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும், அவன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவன் கண் பந்திலேயே ஒட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குப் பாஸ் கொடுக்க வேண்டிய ஆள் எங்கே நிற்கிறான் என்றும் தெரியாது. வெளியே நிற்பவர்கள் "தன்னலக்காரன்" என்று ஏசும் பிள்ளைகளில் பலர் உண்மையில் தன்னலக்காரர்கள் இல்லை. தலையைத் தூக்கினால் பந்து போய்விடும் என்று பயப்படுகிறவர்கள். அவர்களுக்குக் கால் தேறினால் பாஸும் தானாக வரும்.

நமது மணலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் பந்து புதையும். அதை நகர்த்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் பலமாகத் தள்ளப் பழகிவிடுகிறான். அதே காலோடு இறுகிய தரைக்கோ புல் மைதானத்துக்கோ போனால் முதல் தொடுகையிலேயே பந்து இரண்டு மீற்றர் ஓடி எதிராளியின் காலுக்குப் போய்விடும். கடற்கரையில் பழகுவதானால் அலை வந்து போன ஈர மணல்தான் நல்லது, அங்கே பந்து உருளும். கடலரிப்பில் அந்த இடமும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டு போகிறது என்பது வேறு கவலை.

பெரிய தடை வேறொன்று. ஒரு பந்து, இருபது பிள்ளைகள், ஒரே வரிசை. ஒருவனின் முறைக்குப் பத்துச் செக்கன் என்று வைத்தால் பத்து நிமிடத்தில் அறுபது முறை. ஆளுக்கு மூன்று முறை, அதாவது முப்பது செக்கன். மீதி ஒன்பதரை நிமிடமும் அவன் வரிசையில் நின்று பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளிக்கொண்டிருப்பான். இதற்குப் பதிலாக, காற்றுக் குறைந்த பழைய பந்து, தம்பியின் ரப்பர் பந்து, டெனிஸ் பந்து என்று எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்லலாம். பத்து எட்டுக்குப் பத்து எட்டுச் சதுரம் ஒன்றைச் செருப்புகளால் குறித்து, எட்டுப் பிள்ளைகளை ஆளுக்கொரு பந்தோடு அதற்குள் விட்டால் போதும். ஒருவரோடு ஒருவர் மோதாமல் ஓட வேண்டுமானால் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கால் தேறியவனுக்கு அடுத்தது வேகம். இன்னும் சரியாகச் சொன்னால், வேக மாற்றம். இந்த விடயத்தில் நிந்தவூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது நமது எண்ணம். தேசிய கபடி அணிக்கு வீரர்களைத் தந்த ஊர் இது. எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கோட்டைத் தாண்டியதும் முழு வேகத்தில் பாய்வதில்லை. மெல்ல அசைகிறான், ஒரு பக்கம் சாய்ந்து காட்டுகிறான், பிடிக்க நிற்பவனின் காலைப் பார்க்கிறான். அவன் பாரம் ஒரு காலுக்குப் போன கணத்தில் மறுபக்கம் பாய்ந்து தொட்டுவிட்டு வருகிறான். உதைபந்தாட்டத்தில் ஒருவரை வெட்டுவதும் இதே வேலைதான், காலில் பந்து இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். ஆனால் கபடியில் இவ்வளவு அழகாகச் செய்யும் பிள்ளையே பந்து கிடைத்தால் முதல் எட்டிலிருந்தே முழு வேகத்தில் ஓடுகிறான். முழு வேகத்தில் வருபவனிடம் கூட்டுவதற்கு வேகம் மிச்சமில்லை. தடுப்பவன் அதே வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தால் போதும்.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மெத்யூஸ் வலது ஓரத்தில் விளையாடியவர். அவர் வெட்டும் முறை பெரும்பாலும் ஒன்றேதான். பந்தோடு ஏறக்குறைய நடந்தே தடுப்பவரிடம் வருவார். இடது பக்கம் உள்ளே போவது போல உடம்பைச் சாய்ப்பார். தடுப்பவர் அந்தப் பக்கம் அசைந்ததும் வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை ஓரக் கோட்டுப் பக்கம் தள்ளிவிட்டுப் பாய்வார். எல்லோருக்கும் அது தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை. அந்த முதல் பத்து மீற்றரில் அவர் காட்டிய வேகம்தான் காரணம். நூறு மீற்றர் ஓட்டத்தில் அவரை முந்தக் கூடியவர்கள் இருந்திருப்பார்கள். நின்ற நிலையிலிருந்து பாய்வதில்தான் அவர் கெட்டிக்காரர்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தூரத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. தடுப்பவனுக்கு இரண்டு மீற்றர் அளவில் வந்ததும் சாய்ந்து காட்ட வேண்டும். நான்கு மீற்றரில் செய்தால் அவன் ஏமாந்தாலும் திரும்பி வர நேரம் இருக்கும். ஒரு மீற்றருக்குள் போய்ச் செய்தால் அவன் காலை நீட்டினாலே பந்து பறிபோகும். பழகிய தடுப்பவர்கள் ஒரு காலை முன்னே வைத்துச் சற்றுப் பக்கவாட்டில் நிற்பார்கள். அந்த முன்கால் பக்கமாகப் போனால் அவர்கள் முழுதாகத் திரும்ப வேண்டிவரும். அதற்கு ஒரு செக்கன் போகும், நமக்குத் தேவை அந்த ஒரு செக்கன்தான். இவ்வளவு நேரமும் சின்னதாக இருந்த தொடுகை இப்போது பெரிதாக வேண்டும், அவனுக்குப் பின்னால் இருக்கும் வெளிக்குள் இரண்டு மூன்று மீற்றர். பிறகு அவனுக்கு முன்னால் குறுக்கே போய், நமது முதுகு அவனுக்கும் பந்துக்கும் இடையில் வருமாறு ஓட வேண்டும். நமது பிள்ளைகள் தவறவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அழகாக வெட்டுவார்கள். வெட்டிய பிறகு, "பாத்தியளா?" என்பது போல வேகத்தைக் குறைப்பார்கள். வெட்டப்பட்டவன் எழும்பி வந்து பந்தை எடுத்துக்கொண்டு போவான்.

இனி, எப்போது வெட்டுவது, எப்போது பாஸ் கொடுப்பது. சத்தம் போடுகிறவர்களுக்கும் நமக்கும் சண்டை இங்கேதான்.

1953 மே 2ஆம் திகதி லண்டன் வெம்ப்லி மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். மெத்யூஸின் பிளக்பூல் அணியும் போல்ட்டன் அணியும் மோதின. அப்போது அவருக்கு 38 வயது. இரண்டாம் பாதியில் போல்ட்டன் 3-1 என்று முன்னிலை பெற்றுவிட்டது. ஆனால் போல்ட்டனுக்குள் ஒரு பிரச்சினை இருந்தது. அவர்களுடைய எரிக் பெல் என்ற வீரர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தொடைத் தசையில் காயப்பட்டார். அந்தக் காலத்தில் மாற்று வீரர் இறக்க முடியாது. அதனால் அவரை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, இடது பக்கத்தில் அவர் இடத்தை வேறொருவரைக் கொண்டு அடைத்தார்கள். பிறகு அதே பக்கத்தில் மெத்யூஸைத் தடுக்க நின்ற இடது பெக் ரல்ஃப் பேங்க்ஸுக்கும் கால் பிடித்துக்கொண்டது. பிளக்பூல் அணியினர் இதைக் கண்டுகொண்டார்கள். பந்து கிடைக்கும்போதெல்லாம் வலது ஓரத்தில் நின்ற மெத்யூஸுக்கே கொடுத்தார்கள்.

இதைக் கவனிக்க வேண்டும். மெத்யூஸ் வெட்டுவதற்கு முன்னால் மற்றவர்கள் பாஸ் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சரியான இடத்துக்கு. எங்கே ஒருவருக்கு ஒருவர் நிற்கிறார்களோ, எங்கே தடுப்பவரின் கால் களைத்துப் போயிருக்கிறதோ அங்கே பந்தைக் கொண்டு சேர்ப்பது பாஸின் வேலை. அதன் பிறகு நடந்தது ட்ரிப்ளிங்கின் வேலை. மெத்யூஸ் ஓரத்தால் கொடுத்த பந்தில் ஒரு கோல் வந்தது. 89ஆவது நிமிடத்தில் ப்ரீ கிக் ஒன்றால் மோர்ட்டென்சன் 3-3 என்று சமப்படுத்தினார். மேலதிக நிமிடங்களில் மெத்யூஸ் இன்னொரு தடவை பேங்க்ஸைத் தாண்டிக் கோல் கோட்டுப் பக்கம் போனார். நடுவில் நின்ற சென்டர் பெக் பேரஸ் தன் இடத்தை விட்டு அவரை மறிக்க ஓடி வந்தார். அவர் விட்டு வந்த இடத்தில் பிளக்பூலின் பில் பெரி நின்றார். மெத்யூஸ் வழுக்கி விழும் நிலையிலும் பந்தைப் பின்பக்கமாக அங்கே இழுத்துக் கொடுத்தார். பெரி அடித்தார். 4-3.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க விரும்பும் முழுப் பாடமும் அந்த ஒரு கோலுக்குள் இருக்கிறது. ஒருவனை வெட்டினால் என்ன கிடைக்கிறது? இரண்டாமவன் தன் இடத்தை விட்டு வர வேண்டியிருக்கிறது. அவன் வந்தால் அவன் பார்த்துக்கொண்டிருந்த நமது ஆள் தனியாகிறான். ஆகவே பந்தோடு நிற்கும் பிள்ளை பார்க்க வேண்டியது முன்னால் நிற்பவனை மட்டுமில்லை, அவனுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாமவனை.

இரண்டாமவன் இல்லையென்றால், கோலுக்கு வழி திறந்திருக்கிறது, வெட்டு. இரண்டாமவன் தூரத்தில் இருந்து, அவனருகே நமது ஆளும் இருந்தால், வெட்டிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார், அவன் உன்னிடம் வருகிறானா என்று. வந்தால் பாஸ், வராவிட்டால் தொடர்ந்து போ. இரண்டு பேருமே ஏற்கெனவே உன்னிடம் வந்துவிட்டார்களா? அப்படியானால் நீ செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. எங்கோ ஒருவன் தனியாக நிற்கிறான், உடனே கொடு. நமது பிள்ளைகள் பந்தை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது நிலையில்தான். ஒருவனை வெட்டிய மகிழ்ச்சியில், ஒன்றாக வந்த இருவரையும் வெட்டப் போகிறார்கள். அப்போது கத்துங்கள், நாமும் சேர்ந்து கத்துகிறோம்.

அதேபோல, முன்னால் ஓடும் தோழனுக்கு வழி தெளிவாக இருந்தால் வெட்டக் கூடாது. எவ்வளவு வேகமான பிள்ளையானாலும் பந்து அவனை விட வேகமாகப் போகும். நமது பாதியில், அதுவும் நடுவில், வெட்டவே கூடாது. அங்கே வென்றால் கிடைப்பது பத்து மீற்றர், தோற்றால் கொடுப்பது ஒரு கோல். எதிரணிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஓரத்தில், கணக்கு தலைகீழாகிறது. நான்கு தடவை முயன்று இரண்டு தடவை பறிகொடுத்தாலும் பரவாயில்லை என்பது நமது கருத்து. பறிபோகும் பந்து நமது கோலுக்கு அறுபது மீற்றருக்கு அப்பால் பறிபோகிறது.

நமக்கு நெருங்கிய உதாரணம் வேண்டுமென்பவர்கள் சென்னையின் நந்தகுமார் சேகரைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 12ஆம் திகதி, கொல்கத்தாவில் டுரண்ட் கிண்ணப் போட்டி. மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் நான்கரை ஆண்டுகளாக வெல்லாமல் இருந்த நேரம். 60ஆவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தோடு போன நந்தகுமார், எதிரே வந்தவரை உட்பக்கமாக வெட்டி, இடது காலால் தூரக் கம்பத்துப் பக்கம் சுருட்டி அடித்தார். 1-0, ஆட்டமும் அப்படியே முடிந்தது. எதிராளி பின்வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் நேரம், இடம் ஓரம், முன்னால் ஒருவர். அந்த இடத்தில் யாராவது வெளியே நின்று "பாஸக் குடுடா" என்று கத்தியிருந்தால், அவர் அதைக் கேட்டிருந்தால், அந்தக் கோல் இல்லை.

எல்லையும் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவன் நம்மை விட வேகமானவன், அவன் அவசரப்படாமல் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறான், துணைக்கும் ஆள் வைத்திருக்கிறான் என்றால் மெத்யூஸாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தி, திரும்பி, பின்னால் கொடுக்க வேண்டியதுதான். அதையும் ஒரு திறமையாகப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். வெட்டப் போய் நிறுத்தித் திரும்பியவனைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கும் பழக்கமும் நமது மைதானங்களில் இருக்கிறது.

ஆகவே நாம் ஒன்றை முன்வைக்கிறோம். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் பதினொருவராக விடுவதைக் கொஞ்சம் குறைப்போம். முப்பது மீற்றர் நீளம், இருபது மீற்றர் அகலம், நான்குக்கு நான்கு. நீளத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு கீறுவோம். தன் கோல் பக்கப் பகுதியில் ஆளுக்கு இரண்டு தொடுகைதான், அதற்குள் பாஸ் கொடுத்துவிட வேண்டும். நடுப்பகுதியில் விருப்பம் போல. எதிரணிக் கோல் பக்கப் பகுதியில் ஒருவனுக்கு முன்னால் ஒரேயொரு ஆள்தான் நிற்கிறான் என்றால் அவன் வெட்ட முயன்றே ஆக வேண்டும், பறிபோனால் யாரும் ஏசக் கூடாது. முதல் வாரம் குழப்பமாக இருக்கும், பந்து அடிக்கடி பறிபோகும். மூன்றாம் வாரமளவில் கோட்டைத் தாண்டும்போது தலையைத் தூக்கி இரண்டாமவனைத் தேடத் தொடங்குவார்கள்.

வெளியே நிற்கும் வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். சத்தம் போடாமல் இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். போடுங்கள், ஆனால் "பாஸக் குடு" என்பதற்குப் பதிலாக "பின்னால எத்தின பேர்?" என்று கேளுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.